பக்கவாத வார்டில் ஒரு வாரம், மூன்று இலக்குகள்

பக்கவாதம் வந்து மறுவாழ்வு வார்டில் இருக்கும் ஒருவரைப் பற்றி ஒரே நாளில் ஐந்து பேராவது எழுதுகிறார்கள். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் கேஸ் ஷீட்டில் இரண்டு வரி எழுதுவார். பிசியோதெரபிஸ்ட்டுக்குத் தனி நோட்டு. சாப்பிடுவது, உடுத்துவது, குளிப்பது போன்ற வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் தன் பிரிவுக்கான படிவத்தில் எழுதுவார். ஸ்பீச் தெரபிஸ்ட்டின் தாள்கள் வேறொரு கோப்பில் இருக்கும். நர்ஸ்களின் பதிவேட்டில் ஷிஃப்டுக்கு ஒரு குறிப்பு விழும். கூடவே இருக்கும் மனைவியோ மகளோ எதையும் எழுதுவதில்லை. ஆனால் எல்லாரையும்விட அதிகம் பார்ப்பது அவர்கள்தான்.

இவ்வளவு எழுதியும், "அடுத்த சனிக்கிழமைக்குள் இவரால் என்ன செய்ய முடிய வேண்டும்?" என்று கேட்டால், பல வார்டுகளில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொல்வார்கள். "முன்னேற்றம் இருக்கிறது", "நல்லா ஒத்துழைக்கிறார்", "பயிற்சி தொடரவும்" என்ற வரிகளில் பொய் இல்லை. ஆனால் அவற்றை வைத்து நாளைக் காலை எதையும் மாற்றிச் செய்ய முடியாது.

சிதறிக் கிடக்கும் இந்தக் குறிப்புகளை உடல் அசைவு, பேச்சு, அன்றாட வேலை என்ற மூன்று வாராந்திர இலக்குகளாக மாற்றி, வாரக் கடைசியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் போடும் முறை ஒன்று உண்டு. பார்த்தால் எழுத்தர் வேலை போல இருக்கும். உண்மையில் நோயாளியைப் பற்றிக் குழுவுக்கே தெரியாமலிருந்த சில விஷயங்கள் இந்த வேலையில்தான் வெளிவருகின்றன. அதைக் காட்ட ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். இவர் ஒரு தனி மனிதர் அல்ல. இப்படிப்பட்ட வார்டுகளில் அடிக்கடி காணக்கூடியவற்றைச் சேர்த்து விளக்கத்துக்காக உருவாக்கியவர்.

வயது 58. ஈரோடு பக்கம் சின்ன ஊரில் மளிகைக் கடை. மூளையின் இடது பாதியில் ரத்தக் குழாய் அடைத்து மூன்று வாரம் ஆகிறது. இடது பாதி மூளைதான் உடலின் வலப்பக்கத்தை இயக்குகிறது. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அங்கேதான். அதனால் அவருடைய வலது கையும் காலும் பலமிழந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. நினைப்பது இருக்கிறது, சொல் வருவதில்லை. பிறர் சொல்வதும் பாதிதான் பிடிபடுகிறது. இந்தப் பேச்சிழப்பை மருத்துவர்கள் அஃபேசியா என்பார்கள்.

ஒரு வாரக் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தால் இப்படி இருக்கிறது. பிசியோ எழுதியிருக்கிறார்: "கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற ஒருவர் பாதி உதவி போதும். நிற்கும்போது வலது முழங்கால் மடிகிறது. புதன்கிழமை ஒத்துழைக்கவில்லை." ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்: "இடது கையில் ஸ்பூன் பிடித்து இட்லி சாப்பிட்டார். சட்டை போட உதவி வேண்டும்." ஸ்பீச் தெரபிஸ்ட்: "ஆமாம், இல்லை கேள்விகளில் 10க்கு 6 சரி. பொருள்களின் பெயர் சொல்ல வரவில்லை." நர்ஸ்: "நாற்காலிக்கு இரண்டு பேர் தூக்கி மாற்றினோம். சாப்பாடு அட்டெண்டர் ஊட்டினார். செவ்வாய் இரவு புரண்டு படுக்கும்போது தோள் வலி, தூக்கமில்லை. கண்ணைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார்." டாக்டர்: "பிரஷர் 160/90. மாத்திரை மாற்றியிருக்கிறது. பயிற்சி தொடரவும்."

வாரக் கூட்டத்துக்கு முன்னால் யாராவது ஒருவர், பெரும்பாலும் குழுவில் இளையவர், இவற்றை அலச வேண்டும். முதல் வேலை சலிப்பது. ஒவ்வொரு வாக்கியத்திடமும் நான்கு கேள்விகள்: என்ன செய்தார், எங்கே செய்தார், எவ்வளவு உதவியுடன், எந்தத் தேதியில்? நான்குக்கும் பதில் தரும் வாக்கியம் தங்கும். "ஒத்துழைக்கவில்லை" என்பது செயல் அல்ல, எழுதியவரின் கருத்து. அதைத் தூக்கி எறியாமல், "அன்று என்ன நடந்தது?" என்று அவரிடம் திருப்பிக் கேட்க ஒதுக்கி வைக்க வேண்டும். பதில் இல்லாத இடத்தைக் காலியாகவே விட வேண்டும். அலசுகிறவர் தன் ஊகத்தால் அதை நிரப்பிவிட்டால், ஒரு வாரம் கழித்து அந்த ஊகம் உண்மை போலப் படிக்கப்படும்.

இந்த நோயாளியின் குறிப்புகளில் இரண்டு முரண்கள் உடனே தெரிகின்றன. பிசியோவுக்கு ஒருவர் பாதி உதவி போதுமாக இருக்கிறது, நர்ஸுக்கு இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கிறது. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் முன்னால் அவரே சாப்பிடுகிறார், வார்டில் மனைவி ஊட்டுகிறார். இங்கே சிலர் நடுவில் ஒரு முடிவை எடுத்து, "ஒன்றிரண்டு பேர் உதவியுடன்" என்று எழுதிவிடுவார்கள். இந்த வேலையில் நேரும் பிழைகளில் இதைவிட மோசமானது இல்லை என்று நினைக்கிறேன். இரண்டு குறிப்புமே உண்மை. ஒன்று பயிற்சி அறையில் அவரால் முடிந்தது, மற்றது வார்டில் அவர் செய்வது. உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட செயல்திறன் வகைப்பாடும் இந்த இரண்டையும் தனித்தனியாகவே பதிவு செய்யச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் அந்த வாரத்தின் வேலை. வீட்டுக்குப் போனால் அவருக்குப் பயிற்சி அறை கிடைக்காது, வார்டு போன்ற இடம்தான் கிடைக்கும்.

இடைவெளிக்குக் காரணம் என்ன என்று போய்க் கேட்க வேண்டும். மனைவியிடம் கேட்டால் பாதி பதில் கிடைத்துவிடும்.

"காலையில பிசியோ சார் வந்தா எந்திரிச்சு மாறறாருங்க சிஸ்டர். நாற்காலிய அந்தப் பக்கம் போட்டு, பிரேக் போட்டு, காலத் தள்ளி வச்சு, அப்புறம்தான் எந்திரிக்கச் சொல்றாரு. சாயந்திரம் இங்க யாருக்கு அவ்வளவு நேரம் இருக்குதுங்க?"

நாற்காலி எந்தப் பக்கம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பலமுள்ள இடது பக்கம் நாற்காலியைப் போட்டு, பிரேக் பூட்டி, இரண்டு பாதமும் தரையில் பதிந்து முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும்படி வைத்தால், இவர் உடம்பை முன்னால் சாய்த்துத் தானே எழுகிறார். வார்டில் நாற்காலி எந்தப் பக்கம் இடம் இருக்கிறதோ அங்கே நிற்கிறது. வலப்பக்கம் இருந்தால் அவரால் திரும்ப முடிவதில்லை. அவசரத்தில் அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறார்கள். பக்கவாதத்தில் தளர்ந்த தோள் மூட்டை அப்படி இழுத்தால் எலும்பு குழியிலிருந்து நழுவி வலிக்கத் தொடங்கலாம். செவ்வாய் இரவு நர்ஸ் எழுதிய தோள் வலியும், புதன்கிழமை பிசியோ எழுதிய "ஒத்துழைக்கவில்லை"யும் இப்போது ஒரே கதையாகின்றன. தூங்காதவர், தோள் வலிக்கிறவர், "வலிக்கிறது" என்று சொல்ல வார்த்தை வராதவர், மறுநாள் காலை பயிற்சிக்கு வர மறுத்திருக்கிறார்.

ஆகவே தாளில் மூன்று கட்டங்களுக்குப் பக்கத்தில் ஒரு பட்டை தேவை. வலி, தூக்கம், பிரஷர், விழுங்கும்போது இருமல், மனச்சோர்வு, மாத்திரை மாற்றம் ஆகியவை அதில் வரும். இவை இலக்குகள் அல்ல, மூன்று இலக்குகளையும் கெடுக்கக்கூடியவை. பட்டையில் தோள் வலி இருக்கும்போது அசைவு இலக்கை எட்டவில்லை என்று நோயாளியைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

சாப்பாட்டு முரணுக்கு வேறு காரணம். அவர் இடது கையால் சாப்பிட மறுக்கிறார். பயிற்சி அறையில் வேறு யாரும் இல்லை, ஸ்பூனும் இருந்தது, சாப்பிட்டார். வார்டில் எட்டுக் கட்டில், எல்லாரும் பார்க்கிறார்கள், தட்டில் சாம்பார் சாதம். வாழ்நாள் முழுக்க இடது கையைச் சோற்றில் வைக்காதவர் தட்டைத் தள்ளிவிடுகிறார். "பசியில்லை" என்று எண்ணி மனைவி ஊட்டத் தொடங்கிவிட்டார். இதை "ஆர்வமில்லை" என்று எழுதியிருந்தால் ஒரு வாரம் வீணாகியிருக்கும்.

இனி இலக்கு எழுதுவது. நல்ல இலக்கு வாக்கியத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. குழுவில் இல்லாத ஒருவர், உதாரணமாக ஞாயிற்றுக்கிழமை டியூட்டிக்கு வரும் புது நர்ஸ், அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு, பார்த்துக்கொண்டே நின்றால், நடந்ததா இல்லையா என்று சொல்ல முடிய வேண்டும். "நிற்கும் சமநிலையை மேம்படுத்துதல்" இந்தச் சோதனையில் தோற்றுவிடும். "தொடைத் தசையின் பலத்தை 3லிருந்து 4 ஆக்குதல்" அளக்கக்கூடியதுதான். ஆனால் அது தெரபிஸ்ட்டின் வழி, நோயாளியின் இலக்கு அல்ல. தசை பலம் கூடியும் கட்டிலிலிருந்து இறங்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள்.

இந்த நோயாளிக்கு அசைவு இலக்கை இப்படி எழுதலாம்: "வரும் சனிக்கிழமைக்குள், வார்டில், கட்டிலிலிருந்து இடப்பக்கம் போட்ட சக்கர நாற்காலிக்கு ஒருவர் பாதி உதவியுடன் மாற வேண்டும். கடைசி இரண்டு நாளில் நான்கு முறை மாறினால் மூன்று முறையாவது." பாதி உதவி என்றால் என்ன என்பதிலும் குழுவுக்குள் ஒரே பொருள் வேண்டும். உலகெங்கும் மறுவாழ்வு மையங்களில் பழக்கமான ஓர் அளவுகோலின்படி, வேலையில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ நோயாளி செய்தால் அது சிறு உதவி. பாதியிலிருந்து முக்கால் வரை அவர் செய்தால் நடுத்தர உதவி. கால் பங்கிலிருந்து பாதி வரை என்றால் பெரும் உதவி. வார்டில் இதைச் சதவீதமாக யாரும் அளக்க முடியாது. "இடுப்பில் கை வைத்தாலே எழுகிறாரா, நாம் பாரம் தாங்க வேண்டியிருக்கிறதா, தூக்கவே வேண்டியிருக்கிறதா?" என்று கேட்டால் போதும்.

அன்றாட வேலை இலக்கு: "மதியச் சாப்பாட்டில் பாதியை, இடது கையில் தடித்த பிடியுள்ள ஸ்பூனால், தானே சாப்பிட வேண்டும். பிசைந்து வைப்பது மட்டும் மனைவி. வாரத்தின் கடைசி மூன்று நாளில் இரண்டு நாளாவது." விளிம்பு உயர்ந்த தட்டு, தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணி, முதல் இரண்டு நாள் திரை இழுத்துவிட்டுச் சாப்பாடு என்பதெல்லாம் இலக்கின் அடியில் வழிமுறையாக எழுதப்படும். விழுங்கும்போது இருமல் இல்லை என்று ஸ்பீச் தெரபிஸ்ட் பார்த்து உறுதி செய்த பிறகே இந்த இலக்கு தாளில் ஏறும்.

பேச்சு இலக்கில்தான் மிகுந்த கவனம் வேண்டும். "10க்கு 6 சரி" என்ற குறிப்பைப் படிக்கும் எவருக்கும் பாதிக்கு மேல் புரிகிறது என்றே தோன்றும். ஆனால் ஆமாம், இல்லை என்ற இரண்டே பதில் உள்ள பத்துக் கேள்விக்கு, எதுவுமே புரியாமல் குருட்டாம்போக்கில் பதில் சொன்னாலும் சராசரியாக ஐந்து சரியாகும். ஆறோ அதற்கு மேலோ தற்செயலாகச் சரியாக வருவதற்கு மூன்றில் ஒன்றுக்கும் அதிகமான வாய்ப்பு இருக்கிறது. எட்டோ அதற்கு மேலோ வரும் வாய்ப்பு பதினெட்டில் ஒன்றுதான். எனவே ஆறு என்பது புரிதலுக்குச் சான்று அல்ல. எட்டு வந்தால் நம்பத் தொடங்கலாம். இதோடு, எல்லாக் கேள்விக்கும் "ம்ம்" என்று தலையாட்டுகிறவர் உண்டு. நம் ஊரில் தலையைப் பக்கவாட்டில் சாய்த்து ஆட்டினால் அது ஆமாமா, சரியா, தெரியவில்லையா என்று வீட்டாருக்கே சந்தேகம் வரும். அதற்கு இரண்டு மதிப்பெண் கொடுத்துவிட்டால் 10க்கு 6 எளிதில் வந்துவிடுகிறது.

அதனால் பேச்சு இலக்கு தலையாட்டலை நம்பாமல் எழுதப்படுகிறது: "இரண்டு படங்களில் ஸ்பீச் தெரபிஸ்ட் கேட்டதைத் தொட்டுக் காட்ட வேண்டும். 10 முறையில் 8 சரி." தண்ணீர், சோறு, போர்வை, கழிப்பறை, மாத்திரை என்று வார்டில் அவருக்குத் தேவைப்படும் படங்கள். சரியான படம் சில முறை இடமும் சில முறை வலமுமாக ஒழுங்கில்லாமல் மாறி மாறி வர வேண்டும். எப்போதும் இடப்பக்கத்தையே தொடுகிறவர் அப்போதுதான் பிடிபடுவார். கேட்கும்போது கேட்பவரின் கண் சரியான படத்தின் மீது போகக் கூடாது. சொல்லை இழந்தவர்கள் முகத்தைப் படிப்பதில் மிகக் கூர்மையாக இருப்பார்கள்.

மதிப்பெண் போடும் முறைக்கு 1968இல் தாமஸ் கிரசுக், ராபர்ட் ஷெர்மன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அடித்தளம் போட்டார்கள். அவர்கள் அதை மனநல சேவைகளுக்காகத்தான் உருவாக்கினார்கள். பின்னர் அது மறுவாழ்வு மருத்துவத்துக்கு வந்தது. ஒவ்வொரு இலக்குக்கும் ஐந்து படி. எதிர்பார்த்தது நடந்தால் பூஜ்யம். எதிர்பார்த்ததைவிட ஓரளவு மேல் என்றால் +1, மிக மேல் என்றால் +2. கீழே வந்தால் −1, −2. "நான் எதிர்பார்த்தபடி நடந்தது" என்பதற்குப் பூஜ்யம் தருவது முதலில் எல்லாருக்கும் உறுத்துகிறது. பூஜ்யம் தோல்வி அல்ல என்பதை நோயாளியின் வீட்டாரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சில குழுக்கள் எண்ணைக் காட்டாமல் "எட்டியது", "தாண்டியது", "இன்னும் எட்டவில்லை" என்று வார்த்தையில் சொல்வதும் அதனால்தான்.

இந்த முறையின் உயிர் ஒரே விதியில் இருக்கிறது. ஐந்து படிகளையும் வாரம் தொடங்குவதற்கு முன்பே வார்த்தையில் எழுதிவிட வேண்டும். நம் நோயாளியின் அசைவு இலக்குக்கு −1 என்பது இன்றைய நிலை: வார்டில் இரண்டு பேர் தூக்குவது. 0 என்பது ஒருவர் பாதி உதவி. +1 என்பது இடுப்பில் கை வைத்தால் போதும். +2 என்பது பக்கத்தில் நின்று பார்த்தாலே போதும். −2 என்பது இன்றைய நிலையைவிடக் கீழே போய், கட்டில் விளிம்பில் தானே உட்கார முடியாமல் போவது. இன்றைய நிலையை −2 என்று வைத்துவிடும் வழக்கமும் உண்டு. அப்படி வைத்தால் அதற்குக் கீழே இடமே இருக்காது. பக்கவாதத்தில் நோயாளி பின்னுக்குப் போவது ஓர் எச்சரிக்கை மணி. இரண்டாவது முறை அடைப்போ, காய்ச்சலோ, மருந்தின் மயக்கமோ இருக்கலாம். அதைப் பதிவு செய்யப் படி இல்லாத அளவுகோல் ஆபத்தானது.

படிகளை வாரக் கடைசியில் எழுதினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். நடந்ததைப் பார்த்துவிட்டு, நடந்ததையே இலக்காக வைத்து, எல்லாருக்கும் +1 விழும்.

இன்னொரு பிழை, ஒரே ஏணியில் இரண்டு விஷயத்தைக் கலப்பது. "+1: கை வைத்தால் போதும், கழிப்பறைக்கும் போவார்" என்று எழுதினால், கை வைத்தால் போதும் ஆனால் கழிப்பறைக்குப் போகவில்லை என்றால் எந்தப் படி? ஒரு ஏணியில் ஒன்று மட்டுமே மாற வேண்டும். அது உதவியின் அளவாக இருக்கலாம், எத்தனை முறை என்பதாக இருக்கலாம், தூரமாக இருக்கலாம்.

ஏற்கெனவே பார்தெல் குறியீடு என்ற நல்ல அளவுகோல் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். 1965இல் வெளியான அது, சாப்பாடு, குளியல், உடை, நடை, மாடிப்படி என்று பத்து அன்றாட வேலைகளைப் பார்த்து 100க்கு மதிப்பெண் தருகிறது. சேரும்போதும் டிஸ்சார்ஜின் போதும் போட்டுப் பார்க்க அது சரியானது. ஆனால் அதன் படிகள் பெரியவை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கு 0, 5, 10, 15 என்று நான்கே நிலை. ஒரு வாரத்தில் நடக்கும் மாற்றம் பல சமயம் அதில் தெரியாது. அதைவிட முக்கியம், அந்தப் பத்தில் பேச்சு இல்லை. ஒரு வார்த்தை பேச முடியாதவர் பார்தெலில் 100 வாங்க முடியும். தன் கடைக்குத் திரும்பிப் போய் வாடிக்கையாளரிடம் கணக்குச் சொல்ல வேண்டிய ஒருவருக்கு அந்த 100 பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

சனிக்கிழமை வருகிறது. மதிப்பெண் போடுகிறவர் முடிந்தவரை பயிற்சி தந்தவராக இருக்கக் கூடாது. அசைவை மாலை ஷிஃப்ட் நர்ஸ் பார்க்கிறார். இடப்பக்கம் நாற்காலி, பிரேக், பாதம் என்ற மூன்றையும் ஒரு படமாக வரைந்து கட்டிலின் தலைமாட்டில் ஒட்டியிருந்தார்கள். நான்கு முறையில் மூன்று முறை ஒருவர் பாதி உதவியில் மாறினார். நான்காவது முறை, இரவில், நாற்காலி வலப்பக்கம் இருந்தது, இரண்டு பேர் தூக்கினார்கள். மதிப்பெண் 0. காரணமும் பக்கத்திலேயே எழுதப்பட்டது.

சாப்பாட்டில் +1. திரை இழுத்த இரண்டாவது நாளே முழுத் தட்டையும் அவரே முடித்தார். மூன்றாவது நாள் திரையைத் தானே விலக்கச் சைகை காட்டினார் என்று மனைவி சொன்னதையும் எழுதிக்கொண்டார்கள்.

பேச்சில் −1. பத்தில் ஆறு. போன வாரமும் ஆறு. அஃபேசியா கடுமையாக இருக்கிறது, இலக்கைக் குறைக்கலாம் என்ற பேச்சு கூட்டத்தில் எழுவது இயல்பு. அதற்கு முன்னால் ஒருவர் பக்கப் பட்டையைப் படித்தார். "கண்ணைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார்" என்ற நர்ஸின் குறிப்பு எந்தக் கட்டத்திலும் சேராமல் அங்கே நின்றது. மனைவியிடம் கேட்டார்கள். "கண்ணாடி கடையில கல்லாப் பெட்டிமேல கெடக்குதுங்க. ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது யாருக்கு அது ஞாபகம் வந்துச்சு?" கிட்டத்துப் பார்வைக்குக் கண்ணாடி போடுகிறவருக்குக் கண்ணாடி இல்லாமல் மூன்று வாரமாகப் படம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அவருக்கு உண்மையிலேயே அஃபேசியா இருக்கிறது, கண்ணாடி வந்தால் அது போய்விடாது. ஆனால் இதுவரை எடுத்த மதிப்பெண்ணில் எவ்வளவு மூளைக்கு, எவ்வளவு கண்ணுக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. எனவே அடுத்த வாரத்துக்கு இலக்கு மாறவில்லை. கண்ணாடியுடன் அதே சோதனை, முதல் நாளே ஒரு புதிய தொடக்க அளவு. காது கேட்கிறதா, பல்செட் இருந்தால் வந்ததா என்றும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். குறைந்த மதிப்பெண் வந்ததும் முதலில் கேட்க வேண்டியது, "இந்தச் சோதனை எதை அளந்தது?" என்பதைத்தான்.

எண்களைக் கூட்டிச் சராசரி எடுக்கும் ஆசையும் வரும். 0, +1, −1 கூட்டினால் பூஜ்யம், "எல்லாம் எதிர்பார்த்தபடி" என்று ஒருவர் முடிவு கட்டலாம். அது தவறு. பேச்சில் எட்டாததைச் சாப்பாட்டில் தாண்டியது ஈடுகட்டாது. கிரசுக்கும் ஷெர்மனும் இலக்குகளை எடைபோட்டுச் சேர்க்கும் சூத்திரம் ஒன்றைத் தந்திருக்கிறார்கள். இலக்குகள் சரியாக வைக்கப்பட்டிருந்தால் பல நோயாளிகளின் மதிப்பெண் 50ஐச் சுற்றி நிற்கும். அதை நோயாளியை எடைபோடப் பயன்படுத்துவதைவிட, குழு தன்னையே சோதித்துக்கொள்ளப் பயன்படுத்தலாம். மாதக்கணக்கில் எல்லா நோயாளிக்கும் 60க்கு மேல் வந்துகொண்டிருந்தால், அந்த வார்டில் எளிதில் எட்டும் இலக்குகளையே வைக்கிறார்கள் என்று பொருள். எப்போதும் 40க்குக் கீழே என்றால் ஆசையை இலக்காக எழுதுகிறார்கள்.

மூன்று இலக்குக்கு மேல் வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். ஏழு, எட்டு இலக்கு எழுதிய தாள்கள் இரண்டாவது வாரமே முந்தைய வாரத்தின் நகலாகிவிடுகின்றன. தேதியை மட்டும் மாற்றி அதே வாக்கியம் மூன்று வாரம் வந்தால், நோயாளி தேங்கிவிட்டார் என்பதைவிட, யாரும் அவரைப் போய்ப் பார்க்கவில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இந்தத் தாள் செய்ய முடியாதவையும் உண்டு. பயிற்சி நேரத்தை அது கூட்டாது, ஆள் பற்றாக்குறையைத் தீர்க்காது. தாளைக் கையில் கொடுத்துவிட்டால் குடும்பமே பயிற்சி தந்துவிடும் என்ற நம்பிக்கையிலும் கவனம் வேண்டும். இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் நடத்திய அட்டெண்ட் என்ற ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களை வைத்தே மறுவாழ்வு தந்தவர்களும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களும் ஆறு மாதம் கழித்து ஏறத்தாழ ஒரே நிலையில்தான் இருந்தார்கள். குடும்பம் தேவை, ஆனால் தெரபிஸ்ட்டுக்குப் பதிலாக அல்ல. எனவே வீட்டாருக்கான வரியில் "பயிற்சி கொடுக்கவும்" என்று எழுதாமல், "மதியம் பிசைந்து வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளவும்; இருமினால் நிறுத்தி நர்ஸைக் கூப்பிடவும்" என்று எழுத வேண்டும்.

டிஸ்சார்ஜ் நாளில் பெரும்பாலும் நீளமான சுருக்க அறிக்கை போகிறது. ஸ்கேன், மாத்திரை, ரத்தப் பரிசோதனை எல்லாம் அதில் இருக்கும். அதோடு கடைசி வாரத்து இலக்குத் தாளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடு இருக்கிறது. அப்படி வருகிறவர் நோயாளியை முதல் தடவை பார்க்கிறார். "வலது பக்க பக்கவாதம், பயிற்சி தேவை" என்ற வரியை வைத்துக்கொண்டு அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். தாள் கையில் இருந்தால், நாற்காலியை இடப்பக்கம் போட வேண்டும், தோளைப் பிடித்து இழுக்கக் கூடாது, கண்ணாடி போட்ட பிறகே படம் காட்ட வேண்டும் என்பது வாசலிலேயே தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் இலக்குகள் மாறும். வார்டு கட்டில் உயரமானது, வீட்டுக் கட்டில் தாழ்வு. தாழ்ந்த இடத்திலிருந்து எழுவது கடினம் என்பதால் அசைவு இலக்கை ஒரு படி கீழே வைத்துத் தொடங்குவதே சரி. லுங்கியை ஒரு கையால் கட்ட முடியாது. எலாஸ்டிக் வைத்துத் தைத்த வேட்டியோ பேன்ட்டோ வாங்கும் வரை உடை இலக்கு எழுதுவதில் பயனில்லை. சட்டை போடும்போது பலமிழந்த வலது கை முதலில் உள்ளே, கழற்றும்போது கடைசியில் வெளியே. பேச்சுக்குக் கடைப் பொருள்களின் படங்கள்: அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு. அவருக்கு அவைதான் அதிகம் பழகிய பொருள்கள். மாலையில் கடையைப் பார்த்துக்கொள்ளும் மகன் இரண்டு பாக்கெட்டை எதிரில் வைத்து, "எதுப்பா துவரம் பருப்பு?" என்று பத்து முறை கேட்டு, எத்தனை சரி என்று தாளில் குறித்துக்கொள்ளலாம்.